“இறங்கினால் விலையை உடைப்பேன்”: மிரட்டலை எண்களால் சோதிக்கும் வழி

கோலாலம்பூரின் செந்தூலில் ஒருவர் தோசை மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, மளிகைக் கடைகளுக்குக் கொடுக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் வாங்குவதற்கு முன்பே அவர் காதுக்கு ஒரு செய்தி வந்து சேரும். அந்த வட்டாரத்துக் கடைகளுக்குப் பல வருடமாக மாவு போடும் பெரியவர் சொல்லி அனுப்பியிருப்பார்: “தம்பி, நீ இறங்கினா நான் மறுநாளே பாக்கெட்டை ரெண்டு வெள்ளி எண்பது காசுக்கு இறக்கிடுவேன். நான் தாங்குவேன், நீ தாங்க மாட்டே.”

அவர் குரல் எவ்வளவு உறுதியாக இருந்தது, முன்பு யாரை எப்படி விரட்டினார் என்பதையெல்லாம் விசாரித்துக்கொண்டே போகலாம். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. நாம் உண்மையிலேயே இறங்கிவிட்ட பிறகு, மிரட்டியபடி செய்வது அவருக்கு லாபமா? இதற்கு விடை காணும் முறைதான் பின்னோக்கிக் கணித்தல். ஆட்டக் கோட்பாட்டில் இது அடிப்படைப் பாடம். ஒரு தாளும் பேனாவும் இருந்தால் போட்டுவிடலாம். கீழே உள்ள எண்கள் பாடத்துக்காக வைத்தவை. உங்கள் தொழிலுக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வரிசை

இருவரையும் புதியவர், பழையவர் என்று அழைப்போம். யார் முதலில் முடிவெடுக்கிறார், அடுத்தவர் எதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார் என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும். இங்கே புதியவர் முதலில் நகர்கிறார்: இறங்கலாம், அல்லது ஒதுங்கலாம். அவர் இறங்கினால், கடை அலமாரியில் புதிய பாக்கெட்டைப் பார்த்துவிட்டுப் பழையவர் முடிவெடுக்கிறார்: விலையை உடைத்து மோதலாம், அல்லது சந்தையைப் பங்கிட்டு ஒத்துப்போகலாம்.

மிரட்டல் முதலில் வந்ததால் பழையவர்தான் முதலில் நகர்ந்தார் என்று, இந்த வரிசையைக் கிளைகளாகக் காட்டும் மரத்தைப் பலர் தலைகீழாக வரைந்துவிடுகிறார்கள். பேச்சு ஒரு நகர்வு ஆகாது. விலைப்பட்டியல் மாறுவதுதான் நகர்வு. சொன்ன பிறகும் மனத்தை மாற்றிக்கொள்ள முடியும் என்றால், அந்த முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

நுனிகளில் எண்களை எழுதுதல்

மரத்தின் ஒவ்வொரு நுனியிலும் இருவருக்கும் கையில் நிற்கும் மாத லாபத்தை எழுத வேண்டும். அதற்கு ஒரு பாக்கெட்டின் அடக்கச் செலவு தெரிய வேண்டும். அரிசி, உளுந்து, பை, பெட்ரோல் ஆகியவற்றோடு, விற்காமல் திரும்பி வரும் பாக்கெட்டுகளையும் அதில் சேர்க்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் மாவு புளித்துப் பை பலூன்போல உப்பிவிட்டால் கடைக்காரர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். 100 பாக்கெட்டில் 8 திரும்பினால், 92 பாக்கெட்டின் காசுதான் வரும். செலவு 100 பாக்கெட்டுக்கும் ஆகியிருக்கும். இதை விட்டுவிட்டுப் போட்ட கணக்கில் லாபம் எப்போதும் கொழுத்துத் தெரியும்.

எல்லாம் சேர்த்து அடக்கச் செலவு இருவருக்கும் பாக்கெட்டுக்கு 2.50 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வாடகை, சம்பளம், இயந்திரத் தவணை ஆகிய நிலைச் செலவு பழையவருக்கு மாதம் 10,000 வெள்ளி, புதியவருக்கு 8,000 வெள்ளி.

புதியவர் ஒதுங்கினால் பழையவர் 4.00 வெள்ளி விலையில் 20,000 பாக்கெட் விற்கிறார். பாக்கெட்டுக்கு 1.50 மிச்சம், ஆக 30,000. நிலைச் செலவு போக 20,000 நிற்கிறது. புதியவருக்குப் பூஜ்யம்.

புதியவர் இறங்கி, பழையவர் ஒத்துப்போனால் விலை 3.80 ஆகிறது. பழையவர் 12,000 பாக்கெட்டும் புதியவர் 9,000 பாக்கெட்டும் விற்கிறார்கள். பாக்கெட்டுக்கு 1.30 மிச்சம். பழையவருக்கு 15,600 வந்து, நிலைச் செலவு போக 5,600. புதியவருக்கு 11,700 வந்து, 3,700 நிற்கிறது.

மோதினால் இருவரும் 2.80க்கு விற்க வேண்டும். பழையவர் 14,000 பாக்கெட், புதியவர் 10,000 பாக்கெட். பாக்கெட்டுக்கு 30 காசுதான் மிச்சம். பழையவருக்கு 4,200 வந்து, நிலைச் செலவு போக 5,800 நட்டம். புதியவருக்கு 3,000 வந்து, 5,000 நட்டம்.

```
புதியவர்
├─ ஒதுங்கு ───────────── (புதியவர் 0, பழையவர் 20,000)
└─ இறங்கு
   └─ பழையவர்
      ├─ ஒத்துப்போ ────── (3,700, 5,600)
      └─ மோது ────────── (-5,000, -5,800)
```

ஒவ்வொரு அடைப்பிலும் எந்த எண் முதலில், எது இரண்டாவது என்பதைக் கடைசி வரை மாற்றாதீர்கள். முதலில் நகர்பவரின் எண்ணை முதலில் எழுதுவது வழக்கம். பாதி வழியில் இது குழம்பினால், பழையவர் முடிவெடுக்கும் இடத்தில் புதியவரின் எண்ணைப் பார்த்து முடிவு சொல்லிவிடுவோம். கற்கத் தொடங்குபவர்களின் தாளில் அதிகம் தென்படும் பிழை இதுதான்.

கடைசிக் கணுவிலிருந்து தொடங்குதல்

மரத்தில் கடைசியாக முடிவெடுப்பவர் பழையவர். அவருடைய கணுவில், அதாவது அவர் முடிவெடுக்கும் கிளைப்பிரிவில் நின்று, அவருடைய எண்களை மட்டும் பாருங்கள். ஒத்துப்போனால் 5,600 லாபம். மோதினால் 5,800 நட்டம். ஒத்துப்போவதே அவருக்கு நல்லது. மோதும் கிளையை ஒரு கோடு போட்டு அடித்துவிடுங்கள்.

இப்போது மரம் சுருங்கிவிட்டது. புதியவருக்கு முன்னால் இருப்பது ஒதுங்கினால் 0, இறங்கினால் 3,700 என்ற இரண்டே வழிகள். அவர் இறங்குவார், பழையவர் ஒத்துப்போவார். விடை அவ்வளவுதான்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். மாதம் 20,000 வந்துகொண்டிருந்த இடத்தில் 5,600தான் வருகிறதென்றால் பழையவருக்கு வயிறு எரியாதா, கோபத்தில் மோத மாட்டாரா? அந்த 20,000 புதியவர் ஒதுங்கினால் மட்டுமே கிடைக்கும் நுனியில் இருக்கிறது. புதியவர் இறங்கிய கணத்திலேயே அந்தக் கிளை முடிந்துபோனது. அதன்பின் பழையவர் ஒப்பிட வேண்டியது 5,600ஐயும் −5,800ஐயும்தான். எந்தக் கணுவில் நிற்கிறோமோ, அங்கிருந்து இன்னும் எட்டக்கூடிய நுனிகளை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

விடையை எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதினால் போதாது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணுவிலும் என்ன செய்வார் என்று முழுத் திட்டமாக எழுத வேண்டும்: புதியவர் இறங்குவார், இறங்கினால் பழையவர் ஒத்துப்போவார். புதியவர் ஒதுங்கிவிடும் ஆட்டத்திலும் பழையவரின் “இறங்கினால்” என்ற வரி இருந்தே ஆக வேண்டும். அந்த வரிதான் ஒதுங்குவதற்கே காரணம்.

அட்டவணை போட்டால் மிரட்டல் ஏன் தப்பித்துக்கொள்கிறது

இதே ஆட்டத்தை மரமாக வரையாமல், இருவரின் திட்டங்களையும் வரிசையும் நிரலுமாக அட்டவணை போட்டுப் பார்த்தால் இரண்டு நாஷ் சமநிலைகள், அதாவது யாரும் தனியாகத் தன் திட்டத்தை மாற்றி லாபம் அடைய முடியாத நிலைகள், கிடைக்கும். ஒன்று, நாம் கண்ட இறங்கு–ஒத்துப்போ. இன்னொன்று, புதியவர் ஒதுங்குகிறார், இறங்கினால் மோதுவேன் என்பது பழையவரின் திட்டம். இரண்டாவதையும் சரிபார்த்துப் பாருங்கள். பழையவர் மோதுவார் என்றால் புதியவருக்கு ஒதுங்குவதே மேல், ஏனென்றால் 0 என்பது −5,000ஐவிட நல்லது. புதியவர் ஒதுங்கிவிட்டால் பழையவர் மோதுவேன் என்றாலும் ஒத்துப்போவேன் என்றாலும் அதே 20,000தான். ஆக, தனியாக மாறி லாபம் அடைய யாருக்கும் வழியில்லை. சமநிலைக்கான விதி நிறைவேறிவிடுகிறது.

அந்த மிரட்டல் ஒருபோதும் சோதிக்கப்படாததால்தான் அது அங்கே நிற்கிறது. நிறைவேற்றும் இடமே வராது என்பதால் அதைச் சொல்வதற்குப் பழையவருக்குக் காலணாச் செலவில்லை. இந்த ஓட்டையை அடைத்தவர் ஜெர்மானியப் பொருளியலாளர் ரைன்ஹார்ட் செல்டன். மரத்தின் எந்தக் கணுவிலிருந்து எடுத்துப் பார்த்தாலும், அங்கிருந்து மிஞ்சும் துணை ஆட்டத்திலும் திட்டம் சமநிலையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவர் 1965இல் வைத்தார். பழையவரின் கணு அப்படி ஒரு துணை ஆட்டம். அதில் மோதுவது சமநிலை இல்லை. ஆகவே ஒதுங்கு–மோது ஜோடி விழுந்துவிடுகிறது. 1994இல் ஜான் நாஷ், ஜான் ஹர்சானி ஆகியோருடன் பொருளியலுக்கான நோபல் பரிசை அவர் பகிர்ந்துகொண்டார்.

மிரட்டலுக்குப் பல் முளைப்பது எப்போது

பழையவருக்கு ஒத்துப்போவதற்கும் மோதுவதற்கும் உள்ள இடைவெளி 5,600 + 5,800 = 11,400 வெள்ளி. மிரட்டல் நம்பத்தக்கதாக வேண்டுமென்றால், புதியவர் முடிவெடுக்கும் முன்பே, அவர் கண்ணுக்குத் தெரியும்படி, இந்த இடைவெளியைத் தலைகீழாக்கும் ஒன்றைப் பழையவர் செய்திருக்க வேண்டும். இந்த ஒரே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய ஒவ்வொரு செயலையும் அளந்து பார்க்கலாம்.

அவர் பெரிய கிரைண்டரும் குளிர் அறையும் வாங்கிவிட்டார் என்று சேதி வருகிறது. மாதத் தவணை 9,000. அதனால் பாக்கெட்டின் அடக்கச் செலவு 2.10 ஆகக் குறைகிறது. பார்க்கப் பயமாக இருக்கும். கணக்கு போடுங்கள். ஒத்துப்போனால் பாக்கெட்டுக்கு 1.70 வீதம் 12,000 பாக்கெட்டுக்கு 20,400. நிலைச் செலவு 19,000 போக 1,400 லாபம். மோதினால் 70 காசு வீதம் 14,000 பாக்கெட்டுக்கு 9,800. அதே 19,000 போக 9,200 நட்டம். இடைவெளி 10,600. மிரட்டல் இன்னும் வெறும் பூச்சாண்டிதான்.

தவணைப் பணம் இரண்டு கிளைகளிலும் ஒரே அளவில் கழிகிறது என்பதுதான் காரணம். இரண்டு பக்கமும் ஒரே தொகை கழிந்தால் ஒப்பீடு அசையாது. அசைந்தது வெறும் 800 வெள்ளி: பாக்கெட்டுக்குக் குறைந்த 40 காசு, மோதும்போது கூடுதலாக விற்கும் 2,000 பாக்கெட்டுக்கு. இந்த இயந்திரத்தோடு மோதல் ஒத்துப்போவதைவிட லாபமாக வேண்டுமென்றால் 2.80 விலையில் அவர் மாதம் 29,000 பாக்கெட்டுக்கும் மேல் விற்க வேண்டும். அந்த விலையில் மொத்தச் சந்தையே 24,000தான். அதிகக் கொள்ளளவு எதிரியைத் தடுக்கும் என்பதற்கு மைக்கேல் ஸ்பென்ஸ் (1977), அவினாஷ் தீட்சித் (1980) ஆகியோரின் நல்ல ஆய்வுகள் உண்டு. ஆனால், அது வேலை செய்ய இயந்திரம் பெரிதாக இருந்தால் போதாது. போட்டி வந்த பிறகும் நிறைய விற்பதுதான் லாபம் என்ற நிலையை அந்த இயந்திரம் உருவாக்க வேண்டும்.

இப்போது வேறொன்று. பழையவர் 15 கடைகளோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுகிறார்: புதிதாக யாராவது மாவு போட வந்தால் நான் 2.80க்கு இறக்குவேன், இறக்காவிட்டால் ஒவ்வொரு கடைக்கும் மாதம் 1,000 வெள்ளி தருவேன். இந்த 15,000 ஒரே கிளையில்தான் கழிகிறது. ஒத்துப்போனால் 5,600 − 15,000 = −9,400. மோதினால் அதே −5,800. இப்போது மோதுவதே அவருக்குக் குறைந்த நட்டம். பின்னோக்கிக் கணித்தால் புதியவர் இறங்கினால் −5,000, ஒதுங்கினால் 0. அவர் ஒதுங்குவார். பழையவர் அபராதமாக ஒரு காசும் கொடுக்காமல் 20,000ஐக் காப்பாற்றிக்கொள்வார். தன் கையைத் தானே கட்டிக்கொண்டதால் வந்த பலம் இது.

கடைக்கு 760 வெள்ளி என்றால் மொத்தம் 11,400; இடைவெளிக்குச் சரிசமம், எதுவும் சொல்ல முடியாது. 700 என்றால் போதாது. ஆகவே ஒப்பந்தம் இருக்கிறது என்ற பேச்சைக் கேட்டு ஓடாமல், தொகையைக் கண்டுபிடியுங்கள். கடைகளைப் பிறகு சரிக்கட்டி ஒப்பந்தத்தைக் கிழிக்க முடியுமா என்றும் பாருங்கள். அபராதத்திலிருந்து விடுபட்டு ஒத்துப்போனால், மோதுவதைவிடப் பழையவருக்குக் கூடுதலாக மிஞ்சுவது 11,400. அதற்கு மேல் கடைகளுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வராது. கடைகளோ மாதம் 21,000 பாக்கெட்டை ஒரு வெள்ளி மலிவாக வாங்கும் வாய்ப்பை இழக்கின்றன. அதில் மூன்றில் ஒரு பங்கை வாடிக்கையாளருக்கு விலைக் குறைப்பாகக் கொடுத்தாலும் 14,000 அவர்களுக்கு மிஞ்சியிருக்கும். விட்டுக்கொடுக்க மாட்டார்கள், ஒப்பந்தம் நிற்கும்.

இதில் பழையவருக்கும் ஆபத்து உண்டு. ஒப்பந்தத்தைப் பற்றிக் கேள்விப்படாத ஒருவர் இறங்கிவிட்டால் பழையவர் மாதாமாதம் 5,800 இழந்துகொண்டே இருப்பார். ரகசிய ஒப்பந்தத்தால் யாரையும் தடுக்க முடியாது.

ஒரு மாதம் அல்ல, ஒரு வருடம் என்றால்

“இந்த மாதம் நட்டப்பட்டாலும் அவனை விரட்டிவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து 20,000 எனக்கே” என்பது பழையவரின் அடுத்த வாதம். நியாயமான வாதம், மரத்தை நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். புதியவரின் வாடகை ஒப்பந்தம் 12 மாதம் என்று வைத்து, கடைசி மாதத்திலிருந்து வாருங்கள். 12ஆம் மாதத்தில் மோதி விரட்டினாலும் அனுபவிக்க அடுத்த மாதம் இல்லை, பழையவர் ஒத்துப்போவார். அது தெரிந்த புதியவர் 11ஆம் மாத மோதலுக்குப் பயந்து ஓட மாட்டார். ஆகவே 11இலும் மோதுவதால் பயனில்லை. இப்படியே முதல் மாதம் வரை மிரட்டல் சரிந்துவிடும்.

ஆனால், புதியவரிடம் தாக்குப்பிடிக்கப் பணம் இல்லையென்றால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். மோதல் மாதம் ஒவ்வொன்றும் அவருக்கு 5,000 தின்னும். பழையவர் எத்தனை மாதம் மோதத் தயாராக இருப்பார் என்று பாருங்கள். 6 மாதம் மோதி, பின் 6 மாதம் தனியாக விற்றால் −34,800 + 1,20,000 = 85,200. வருடம் முழுக்க ஒத்துப்போனால் 12 × 5,600 = 67,200. மோதுவது லாபம். 7 மாதம் மோத வேண்டியிருந்தால் −40,600 + 1,00,000 = 59,400; ஒத்துப்போவதே மேல். ஆக, மோதலைத் தாங்கப் புதியவரிடம் 35,000 வெள்ளி தனியாக இருந்தால் மிரட்டல் வெற்று. 30,000 மட்டும் இருந்தால் அது நிஜம். இந்தப் பணம் இயந்திரம் வாங்கும் முதலீட்டில் சேராது. அது இருப்பது பழையவருக்குத் தெரியவும் வேண்டும். பழையவரிடமும் 34,800 எரிக்க இருக்கிறதா என்பது அதே கணக்கின் மறுபக்கம்.

பல ஊர்களில் கடை வைத்திருப்பவர் ஓர் ஊரில் அடித்தால் மற்ற ஊர்கள் பயப்படும் என்ற வாதத்தை செல்டன் 1978இல் 20 ஊர்ச் சங்கிலிக் கடையை வைத்து ஆராய்ந்தார். பின்னோக்கிக் கணித்தால் அதுவும் கடைசி ஊரிலிருந்து சரிந்துவிடுகிறது. தர்க்கம் சரியாக இருந்தும், நடைமுறையில் மனிதர்கள் அப்படி நடப்பார்கள் என்று செல்டனுக்கே மனம் ஒப்பவில்லை. இவர் நட்டம் பார்க்காமல் மோதும் ஆளாகவும் இருக்கலாம் என்ற சிறு ஐயம் இருந்தாலே, பயமுறுத்தும் பெயரைச் சம்பாதிப்பது லாபமாகிவிடும் என்று 1982இல் இரண்டு ஆய்வுகள் காட்டின. ஒன்று கிரெப்ஸ், வில்சன் இருவருடையது, மற்றது மில்குரோம், ராபர்ட்ஸ் இருவருடையது. ஆகவே பழையவர் வேறு இடங்களிலும் விற்கிறாரா என்று விசாரிப்பது வீண் வேலை இல்லை.

அந்த ஐயத்தையும் எண்ணாக்கலாம். ஒரு மாதக் கணக்கில், அவர் எப்படியும் மோதுவார் என்பதற்கான வாய்ப்பு p என்றால், புதியவர் எதிர்பார்ப்பது 3,700 × (1 − p) − 5,000 × p. இது பூஜ்யத்துக்கு மேல் இருக்க p 3,700 ÷ 8,700, அதாவது சுமார் 0.425க்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு என்று நீங்கள் உண்மையாகவே நினைத்தால் இறங்காதீர்கள், மரம் என்ன சொன்னாலும் சரி.

மோதும் கிளையில் சட்டமும் ஒரு எண்ணாக உட்காரலாம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் 2012 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் 10ஆம் பிரிவு, சந்தையில் ஆதிக்கம் செலுத்தும் நிறுவனம் அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்திப் போட்டியாளரை ஒழிப்பதைத் தடுக்கிறது. அபராதம் மீறல் நடந்த காலத்து உலகளாவிய விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை போகலாம். விலையைக் குறைப்பது மட்டுமே குற்றமாகாது. நம் எடுத்துக்காட்டில் மோதல் விலை 2.80 அடக்கச் செலவான 2.50க்கு மேலேயே நிற்கிறது. அதனால் சட்டம் காப்பாற்றும் என்று நம்பி மோதும் கிளையை அடித்துவிட வேண்டாம்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு முதலில் சந்தேகப்பட வேண்டிய எண், ஒத்துப்போகும் நுனியில் புதியவருக்குப் போட்ட 9,000 பாக்கெட். 3.80 விலையில் அவர் நிலைச் செலவை ஈடுகட்டவே 8,000 ÷ 1.30, அதாவது 6,154 பாக்கெட் விற்றாக வேண்டும். இரண்டு வாரம் காலையில் கடை கடையாக ஏறி, எத்தனை பாக்கெட் எடுத்துக்கொள்வீர்கள், திரும்பி வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டு எழுதுங்கள். கூட்டிப் பார்த்து 6,154க்குக் கீழே வந்தால், பழையவர் சிரித்த முகத்தோடு வரவேற்றாலும் இந்தச் சந்தையில் இறங்கக் கூடாது.